'பாப்பர்' வழக்கு: வறியவரா, வசதியற்றவரா?

தேவகோட்டை, காரைக்குடி பக்கம் கோர்ட்டு வாசலில் "அந்த ஆச்சி பாப்பர் போட்டிருக்காக" என்று சொல்வது காதில் விழும். நீதிமன்றக் கட்டணத்தை முதலில் கட்டாமலே வழக்காட அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். பாப்பர் என்றால் லத்தீனில் ஏழை. இங்கிலாந்தில் 1495-லேயே ஏழைகள் கட்டணமின்றி வழக்காடச் சட்டம் செய்தார்கள். அந்தச் சொல் நமது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் ஆணைக்குள்ளும் வந்தது. 1976 திருத்தத்தில் அதை நீக்கி 'இண்டிஜென்ட் பெர்சன்' என்று மாற்றினார்கள். இதுவும் லத்தீன் வழி வந்ததுதான்; தேவை உடையவர் என்று பொருள். பேச்சில் மட்டும் பாப்பர் போகவில்லை.

தமிழில் 'வறியவர்' என்று எழுதுகிறோம். வறுமை, வறட்சி, வறண்ட நிலம் எல்லாம் ஒரே வேர். அதாவது ஒன்றுமே இல்லாமல் காய்ந்து போனவர். எனக்கு இந்தச் சொல்லில் ஒரு குறை தெரிகிறது. சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. இந்த வழக்குக்கான கட்டணத்தைக் கட்டப் போதுமான வசதி இவரிடம் இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. 'வசதியற்றவர்' என்பதே பொருத்தமான தமிழ். 'பிச்சைக்காரிப் பட்டம் வேண்டாம்' என்று கூசி, பங்கையே விட்டுக்கொடுத்த பெண்களைப் பார்த்த பிறகு இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆச்சி, அப்பச்சி வீட்டில், அதாவது தகப்பனார் வீட்டில், தன் பங்கைக் கேட்கிறார். சகோதரர்கள் வளவு வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார்கள். சொத்தின் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் பாகம் கேட்டால், அவருடைய பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். பங்கு 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் இப்போதுள்ள 3 சதவீதப்படி 1,20,000 ரூபாய். பலகாரம் சுட்டு விற்பவரின் வங்கிக் கணக்கில் 18,000தான் இருக்கிறது. 40 லட்சம் பங்குக்காரர் எப்படி வசதியற்றவர் என்று எதிர்த்தரப்பு கேட்கும். வழக்குக்கு உட்பட்ட சொத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே விலக்கியிருக்கிறது.

மனுவோடு தன் சொத்துப் பட்டியலை மதிப்புடன் இணைத்து, கையெழுத்திட்டு, விலக்கு பெற்றிருந்தாலொழிய நேரில் வந்து கொடுக்க வேண்டும். நீதிமன்றம் வேறு உத்தரவு போடாவிட்டால் முதல் விசாரணையைச் செய்பவர் நீதிமன்றத்தின் தலைமை எழுத்தர், நம் ஊர்ப் பேச்சில் சிரஸ்தார். அப்புறம் எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் குறைந்தது 10 முழு நாள் அவகாசத்துடன் அறிவிப்பு போகும். கட்டணம் அரசுக்குச் சேர வேண்டிய பணம் என்பதால் அரசு வழக்கறிஞருக்கும் இதில் இடம் உண்டு.

செட்டிநாட்டில் விசாரணை சூடு பிடிக்கும் இடம் நகையும் சாமானும். கடனுக்கு ஜப்தி செய்ய முடியாத பொருள்களை வசதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவசியமான சமையல் பாத்திரமும், மத வழக்கப்படி பெண் பிரியக் கூடாத அணிகலனும் அதில் அடங்கும். கழுத்தில் கிடக்கும் தாலி சரி. கல்யாணத்தில் பரப்பிய பித்தளைச் சாமான் முழுக்க 'அவசியம்' ஆகாது. குறுக்கு விசாரணையில் வரும் கேள்வி பெரும்பாலும் கல்யாணத்தில் அணியும் பெரிய தங்கக் கழுத்து நகையைப் பற்றித்தான்: "உங்க கழுத்துரு எங்கே?"

நம் ஆச்சி அதை மூன்று வருஷத்துக்கு முன் கணவரின் ஆபரேஷனுக்கு விற்றுவிட்டார். நகைக்கடைச் சீட்டும் ஆஸ்பத்திரி பில்லும் இருக்கின்றன. கேள்வி அத்தோடு முடிந்தது. அதையே மனுவுக்கு முந்தைய 2 மாதத்துக்குள், இந்த அனுமதிக்காகவே, மகள் பெயருக்கு மாற்றியிருந்தால் மனு தள்ளுபடி ஆகும். பட்டியலில் ஒரு வளையலை மறைத்தாலும் ஆபத்து. அது வெளியே வந்தால் மற்ற வார்த்தைகளையும் நம்ப மாட்டார்கள். வழக்குச் செலவை வேறு யாராவது ஏற்பதாக ஒப்பந்தம் இருந்தாலும் தள்ளுபடிதான்.

அனுமதி கிடைத்ததும் மனுவே வழக்காக எண்ணிடப்படும். கிடைக்காவிட்டால், கட்டணம் கட்ட நீதிமன்றம் அவகாசம் தரலாம். அதற்குள் கட்டினால், மனு கொடுத்த நாளிலேயே வழக்கு போட்டதாகக் கொள்வார்கள்; காலவரம்புக்குப் பயந்தவர்களுக்கு இது பெரிய பிடிமானம். தள்ளுபடி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

பலர் நினைப்பதுபோல் இது இலவச வழக்கு இல்லை. கட்டணம் தள்ளித்தான் வைக்கப்படுகிறது. ஆச்சி ஜெயித்தால், யார் கட்ட வேண்டும் என்று தீர்ப்பில் சொல்கிறார்களோ அவரிடம் அரசு அந்த 1,20,000 ரூபாயை வசூலிக்கும். ஆச்சிக்கு வந்த பங்கின் மீதும் அதற்கு முதல் பாத்தியதை உண்டு. தோற்றால் ஆச்சியே கட்ட வேண்டும்.