ஃபார்மட் போடும் முன் மூடியை அசைத்துப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூர் வந்து போகும் ஒரு கல்லூரிப் பெண் போன மாதம் லேப்டாப்போடு என் சர்வீஸ் கடைக்கு வந்தாள். திரையில் மேலிருந்து கீழாகப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். "விண்டோஸ்தான் கெட்டுப்போச்சுன்னு ஒரு கடையில ஃபார்மட் பண்ணாங்கண்ணா. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, திரும்ப வந்துடுச்சு" என்றாள். ப்ராஜெக்ட் ஃபைல்களில் பாதி அந்த ஃபார்மட்டில் போய்விட்டது.

அந்த இரண்டு நாள் ஏன் நன்றாக இருந்தது? ஃபார்மட் போடும்போது லேப்டாப் மேசைமேல் ஒரே கோணத்தில் திறந்தபடி சில மணி நேரம் இருந்திருக்கும். வீட்டிலும் விடுமுறை என்பதால் அதை அதிகம் மூடித் திறக்கவில்லை. திங்கட்கிழமை பையில் போட்டு பஸ் ஏறியதும் கோடு வந்துவிட்டது. போர்டிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் டிஸ்ப்ளே கேபிள் லூஸானால் அதன் குணமே இதுதான். தானாக வரும், தானாகப் போகும். போகும் நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோமோ, அதுதான் சரிசெய்தது என்று நம்பிவிடுவோம்.

சாஃப்ட்வேரா கேபிளா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கோடு தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படம் லேப்டாப்பின் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது, கேபிளையும் திரையையும் தாண்டி வருவதில்லை. போனில் படம் சுத்தமாக இருந்தால், கோளாறு அதற்குப் பிறகான பாதையில் இருக்கிறது. போனிலும் கோடு இருந்தால், விண்டோஸில் திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ கிராபிக்ஸ் சிப்பையோ சந்தேகப்படலாம்.

அப்புறம் லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஆன் செய்தவுடன் F2 தட்டி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரைக்குள் போங்கள். சில கம்பெனி லேப்டாப்பில் F10 அல்லது Delete ஆக இருக்கும். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிஸ்ப்ளே டிரைவரும் இல்லை. அங்கேயும் கோடு தெரிந்தால், எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் அது போகாது. தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு சாஃப்ட்வேர்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த நேரத்தில் கேபிள் நல்ல நிலையில் உட்கார்ந்திருக்கலாம். பயாஸிலேயே இருந்தபடி மூடியை மெதுவாகப் பாதி மூடி, பிறகு முழுதாகத் திறங்கள். நாலைந்து முறை செய்யுங்கள். எந்தக் கோணத்திலும் கோடு வராமல், விண்டோஸுக்குள் போனால் மட்டும் வருகிறது என்றால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும். அப்போது Win+Ctrl+Shift+B அழுத்தினால் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதில் கோடு போனால், டிரைவரை மாற்றிப் போட்டாலே போதும், ஃபார்மட் தேவைப்படாது.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்தது. பயாஸில் மூடியைப் பாதி சாய்த்ததும் பச்சைக் கோடுகள் வந்தன, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் நிறம் மாறின. எச்டிஎம்ஐயில் கடை மானிட்டரை மாட்டிப் பார்த்தேன், அதில் ஒரு கோடும் இல்லை. அதனால் கிராபிக்ஸ் சிப் மேல் இருந்த சந்தேகம் நீங்கியது. பாக்கி இருந்தது கேபிளும், பேனல் என்கிற திரையும்தான். பேனல் போயிருந்தால் பெரும்பாலும் மூடியை எப்படி அசைத்தாலும் கோடு அதே இடத்தில், அதே நிறத்தில் நிற்கும். இங்கே அசைவுக்கு ஏற்றபடி மாறியதால் கேபிளைத்தான் முதலில் பார்த்தேன்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சார்ஜரைக் கழற்றினால் மட்டும் போதாது, அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரையும் பிரித்த பிறகே டிஸ்ப்ளே கேபிளைத் தொட வேண்டும். திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்கான மின்சாரமும் பெரும்பாலும் அதே கேபிளில்தான் போகிறது. மின்சாரம் இருக்கும்போது கனெக்டர் கோணலாக மாட்டினால் போர்டில் இருக்கும் சின்ன ஃப்யூஸ் எரிந்து, திரை முழுதாக இருண்டுவிடலாம். கோட்டோடு வந்த லேப்டாப், இருட்டோடு போகும். கண்ணாடி ஒட்டிய மெலிதான மாடல்களில் கையே வைக்காதீர்கள், பிரிக்கும்போதே பேனல் விரிசல் விடலாம்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் பேனலுக்குப் பின்னால் டிஸ்ப்ளே கேபிளின் கனெக்டரைப் பார்த்தபோது ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்கு வெளியே வந்திருந்தது. அதைப் பிடித்திருந்த டேப்பின் பசை காய்ந்து, ஓரம் சுருண்டிருந்தது. மூடியைத் தாங்கும் கீலான இடது ஹிஞ்சில் ஒரு ஸ்க்ரூ கழன்று காணாமலே போயிருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஹிஞ்ச் ஆடி, கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கிறது. கனெக்டரை நேராக அழுத்தி உட்காரவைத்து, மஞ்சள் ஹீட் டேப் போட்டு, ஹிஞ்சுக்கு ஸ்க்ரூ முடுக்கினேன். கேபிளில் எங்கும் வெட்டு இல்லாததால் புதிது வாங்க வேண்டியிருக்கவில்லை. பயாஸில் வைத்து இருபது முறை மூடித் திறந்து பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.