சளியை இளக்கும் மருந்தும் இருமலை அடக்கும் மருந்தும் ஒரே பாட்டிலில்

இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தால், பல பாட்டில்களில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே இருக்கும்: குவைஃபெனெசின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். முதலாவது சளி வெளியே வர உதவுவதற்கு. இரண்டாவது இருமலை அடக்குவதற்கு. சளி வெளியே வருவதே இருமினால்தானே, அப்புறம் ஏன் இரண்டையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள்?

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, மேலே படர்ந்திருக்கும் சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆரோக்கியமான சளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். நோய்த்தொற்று வந்தால் மியூசின் என்ற புரதம் அதிகமாகச் சுரந்து, சளி கெட்டியாகி, நுண்மயிர்களால் தள்ள முடியாத அளவுக்கு ஒட்டிக்கொள்கிறது. குவைஃபெனெசின் தலையிடுவது இங்கேதான்.

அது வேலை செய்யும் வழி கொஞ்சம் விசித்திரமானது. நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம் இது: மருந்து இரைப்பையின் உட்சுவரை லேசாக உறுத்துகிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. அதற்கு எதிர்வினையாக, மூச்சுக்குழாய்ச் சுரப்பிகள் நீர்த்த திரவத்தைக் கூடுதலாகச் சுரக்கின்றன. சளி இளகுகிறது. வாந்தி வருவதற்கு முன் வாயில் எச்சில் ஊறுகிறதே, ஏறக்குறைய அதே தந்திரம்தான். அளவு கூடினால் இந்த மருந்து குமட்டலைத் தருவதிலும் வியப்பில்லை. மூச்சுக்குழாய்ச் செல்களிலேயே அது நேரடியாக வேலை செய்வதற்கும் ஆய்வகச் சான்றுகள் உண்டு. ஆனால் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. என்னைக் கேட்டால், இதிலிருந்து ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது.

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சளியைத் தொடுவதே இல்லை. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள உணர்வு நரம்புகள் உறுத்தலைப் பிடித்ததும், வேகஸ் வழியாக மூளைத்தண்டின் முகுளப் பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி போதுமான அளவு வலுத்தால்தான் இருமும் கட்டளை பிறக்கும். அந்த வரம்பை இந்த மருந்து உயர்த்துகிறது. உறுத்தல் அப்படியேதான் இருக்கும், மூளை அதைப் பொருட்படுத்துவது குறையும். வேதி அமைப்பில் இது மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளுக்கு உறவுதான். ஆனாலும் வழக்கமான அளவில் அவற்றைப் போல வலியைக் குறைக்காது. சாதாரணச் சளி இருமலில் இதன் பலனும் சிறியதே.

ஆக, ஒன்று இருமலைப் பலனுள்ளதாக்கப் பார்க்கிறது, மற்றது இருமலையே குறைக்கிறது. பலன் சிறியது என்பதால் இரண்டும் பெரிதாக மோதிக்கொள்வதில்லை. ஆனால் சளி நிறைய வரும் நோயாளிக்கு, அதை வெளியேற்றும் முக்கிய வழியான இருமலை அடக்குவது நல்லதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தோன்றுவது அளவுக் கணக்கு. 5 மி.லி.யில் குவைஃபெனெசின் 100 மி.கி., டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் 10 மி.கி. உள்ள சிரப்பை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.லி. குடிக்கிறார். 6 வேளையில் குவைஃபெனெசின் 1,200 மி.கி. சேர்கிறது. அதன் வழக்கமான நாள் உச்சவரம்பு 2,400 மி.கி., ஆகவே பாதிதான் ஆகியிருக்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோ 120 மி.கி. ஆகிவிட்டது. அதன் உச்சவரம்பே அவ்வளவுதான். "சளி இன்னும் இளகவில்லையே" என்று அவர் ஒரு மூடி கூடுதலாகக் குடித்தால், முதல் மருந்துக்கு இடம் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. அதோடு, அதே பொருள் கலந்த சளி மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

உடலை விட்டு வெளியேறும் வேகமும் வேறு. குவைஃபெனெசினின் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைக் கல்லீரலில் CYP2D6 என்ற நொதி சிதைக்கிறது. பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்கள் உண்டு. அவர்களுக்கு முந்தைய வேளையின் மருந்து கரையும் முன்பே அடுத்த வேளை வந்து சேர்ந்துகொள்ளும். மன அழுத்தத்துக்குத் தரும் ஃப்ளூவோக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற மாத்திரைகளும் இதே நொதியைத் தடுக்கின்றன. செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைப் போலவே அவையும் உயர்த்துவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் என்ற மருந்துகளை உட்கொள்பவர்களும், அவற்றை நிறுத்தி 2 வாரம் ஆகாதவர்களும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைத் தொடவே கூடாது.

அளவு மீறியதற்கு அடையாளம் சளியில் தெரியாது. தலைசுற்றல், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, குழப்பம் என்று மூளைப் பக்கம்தான் தெரியும். கை நடுக்கம், தசைத் துடிப்பு, காய்ச்சல், படபடப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் அது செரோட்டோனின் மிகையாக இருக்கலாம். அப்போது அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.