வீட்டுக்குக் கிளம்பும் முன் டிக்கெட்டைப் பெண்டிங்கில் போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2.30 மணிக்குக் கெடு தவறிவிட்டது என்று ஹெல்ப்டெஸ்கில் ஒரு டிக்கெட், அதாவது வாடிக்கையாளரின் புகார், சிவப்பில் நிற்கிறது. டீம் லீட் அதைப் படம் பிடித்து அனுப்பி, "சார், யார் மேல தப்பு?" என்று கேட்கிறார். டிக்கெட்டைப் பார்த்தவர் மேல் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 6 வரைதான் வேலை நேரம் என்று எழுதி வைத்திருக்கும் ஓர் இடத்தில், ஞாயிறு அதிகாலையில் ஒரு கெடு எப்படி வந்து விழும்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. விளக்கக் கடிதம் மட்டும் கேட்டுவிட்டார்கள்.

எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தருவோம் என்று வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்ட கெடுதான் எஸ்.எல்.ஏ. ஹெல்ப்டெஸ்க்கில் அந்தக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. இந்த மாதம் இதே தவறு மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை நேரக் கணக்கு என்றால் கடிகாரம் இரண்டு காரணங்களுக்காக நிற்கும். ஒன்று, அலுவலகம் மூடியிருக்கிறது: இரவு, வார இறுதி, விடுமுறை. இரண்டு, பந்து வாடிக்கையாளரிடம் இருக்கிறது: நாம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம், டிக்கெட் பெண்டிங்கில் இருக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. ஏற்கெனவே நின்றுவிட்ட கடிகாரத்தை இன்னொரு முறை நிறுத்த முடியாது, ஆனால் பலருடைய எக்செல் ஷீட் அதைத்தான் செய்கிறது.

அந்த ஞாயிறு டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 8 வேலை மணி நேரத்துக்குள் முழுப் பதில் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். டிக்கெட் வந்தது வியாழன் மாலை 4.30. அன்று 6 மணி வரை ஒன்றரை மணி நேரம் ஓடியது. மீதி ஆறரை மணி நேரம். ஆக, முதலில் விழுந்த கெடு வெள்ளி மதியம் 3.30. இதுவரை சரி.

வெள்ளி காலை 11 மணிக்கு நம் ஆள் ஒரு லாக் ஃபைல் கேட்டுவிட்டு டிக்கெட்டைப் பெண்டிங்கில் போட்டார். அதுவரை செலவானது வியாழன் ஒன்றரை, வெள்ளி இரண்டு, மொத்தம் மூன்றரை மணி நேரம். கையில் நான்கரை மணி நேரம் மிச்சம். வாடிக்கையாளர் ஃபைலை அனுப்பியது சனிக்கிழமை இரவு 10 மணிக்கு. பதில் வந்ததும் பெண்டிங் விலகிவிட்டது. ஆனால் சனி இரவு, ஞாயிறு, இரண்டும் மூடிய நேரம். திங்கள் விடுமுறை. கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்குவது செவ்வாய் காலை 9 மணிக்கு. மிச்சமிருந்த நான்கரையைக் கூட்டினால் கெடு செவ்வாய் மதியம் 1.30. கணக்கு அவ்வளவுதான்.

அவர்கள் ஷீட் என்ன செய்தது? வெள்ளி 11 மணி முதல் சனி இரவு 10 மணி வரை 35 மணி நேரம் பெண்டிங் என்று எண்ணியது. பழைய கெடுவான வெள்ளி 3.30-உடன் அந்த 35-ஐ அப்படியே கூட்டியது. வந்தது ஞாயிறு அதிகாலை 2.30. அந்த 35 மணி நேரத்தில் வெள்ளி மாலை 6 வரையிலான 7 மணி நேரம் மட்டுமே வேலை நேரம். மீதி 28 மணி நேரம் கடிகாரம் எப்படியும் ஓடாத நேரம். வெள்ளி 3.30-க்கு அந்த 7 மணி நேரத்தை வேலை நேரமாகக் கூட்டிப் பாருங்கள்: வெள்ளியில் இரண்டரை, செவ்வாயில் நான்கரை. அதே செவ்வாய் 1.30 வரும்.

இதைச் சொன்னதும் இன்னொரு டீமில் ஒருவர் அவசரமாகத் திருத்தினார். 35-ஐ வேலை நேரமாகவே கூட்டிவிட்டார். கெடு அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் 2.30-க்குப் போய்விட்டது! சிவப்பு மறைந்தது, எல்லோருக்கும் நிம்மதி. வாடிக்கையாளருக்கு மட்டும் மூன்று நாள் தாமதம். சிவப்பாகத் தெரியும் தவறையாவது யாராவது கேட்பார்கள். பச்சையாகத் தெரியும் தவறை யார் கேட்கப் போகிறார்கள்?

எக்செல்லில்தான் செய்வேன் என்பவர்களுக்கு, இரண்டு நேரங்களுக்கு இடையே உள்ள வேலை நேரத்தை மட்டும் தரும் ஃபார்முலா இது. `A2` பெண்டிங் தொடக்கம், `B2` முடிவு, `F1` காலை 9 மணி, `9:00` என்று, `F2` மாலை 6 மணி, `18:00` என்று, `H2` முதல் `H20` வரை விடுமுறைத் தேதிகள்.

```
=(NETWORKDAYS(A2,B2,$H$2:$H$20)-1)*($F$2-$F$1)
+IF(NETWORKDAYS(B2,B2,$H$2:$H$20),MEDIAN(MOD(B2,1),$F$2,$F$1),$F$2)
-MEDIAN(NETWORKDAYS(A2,A2,$H$2:$H$20)*MOD(A2,1),$F$2,$F$1)
```

விடை வரும் செல்லின் ஃபார்மேட்டை `[h]:mm` என்று வையுங்கள். அடைப்புக்குறி இல்லாமல் `h:mm` என்று வைத்தால் 24 மணி நேரத்தைத் தாண்டியதும் எண் சுற்றிவிடும், 26 மணி நேரம் 2 என்று காட்டும். வார இறுதி சனி, ஞாயிறு அல்லாத இடங்களில் `NETWORKDAYS.INTL` தேவைப்படும்.

சரி, ஃபார்முலாவைச் சரி செய்துவிடலாம். எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. மாலை 5.55-க்குக் கையில் இருக்கும் டிக்கெட்டுகளை எல்லாம் பெண்டிங்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம். ஏன் என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். "ராத்திரி பூரா கடிகாரம் ஓடிடுமே சார்" என்றார்.

ஓடாது. மாலை 6 மணிக்கு அது தானாக நின்றுவிடும். நீங்கள் தூங்கும்போதும், ஞாயிறு வீட்டில் இருக்கும்போதும் நிற்கும், விடுமுறை அன்றும் நிற்கும். அதற்குத்தானே வேலை நேரக் காலண்டர் என்று ஒன்றை அமைத்து வைத்திருக்கிறோம். நீங்கள் பெண்டிங்கில் போட்டதால் மிச்சமானது 5.55 முதல் 6 வரை 5 நிமிடம். 15 மணி நேரம் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு 5 நிமிடத்தை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். பூட்டிய வீட்டுக்குள் இன்னொரு முறை பூட்டுப் போடுவது போல.

இழப்பு மறுநாள் காலையில் தொடங்குகிறது. 9 மணிக்குக் கடிகாரம் ஓட வேண்டும், ஓடாது, ஏனென்றால் டிக்கெட் இன்னும் பெண்டிங். பெண்டிங்கில் இருப்பதால் உங்கள் அன்றாட வரிசையிலும் அது வராது. நினைவு வந்தால் எடுப்பீர்கள், வராவிட்டால் இல்லை. நான் பார்த்த ஒன்றில் மூன்று நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. ரிப்போர்ட்டில் செலவான நேரம் இரண்டு மணி, கெடு தவறவில்லை. வாடிக்கையாளரோ, தன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, ஆனால் 'உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று திரையில் நிற்கிறதே என்று குழம்பிப் போயிருந்தார். சில இடங்களில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. பெண்டிங்கில் சில நாள் கிடந்தால் நினைவூட்டல் போய், அப்புறம் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று அவருடைய புகாரை மூடிவிடுவோம்.

மேலாளர்களே, இதைக் கண்டுபிடிக்க உளவுத்துறை வேண்டாம். பெண்டிங்குக்கு மாறிய நேரங்களை ஒரு பட்டியலாக எடுத்துப் பாருங்கள். வேலை நாளின் கடைசிக் கால் மணி நேரத்தில் கொத்தாக விழுந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும். அந்த டிக்கெட்டுகளில் மாற்றத்துக்குச் சற்று முன் வாடிக்கையாளருக்குக் கேள்வி ஏதும் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அது பெண்டிங்கே இல்லை. கேள்வி அனுப்பாமல் அந்த நிலைக்கு மாற்ற முடியாதபடி விதி வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். ஆளைத் திட்டுவதைவிட அது சுலபம்.

அதே சமயம் முதல் பதிலுக்கான கெடுவைப் பெண்டிங்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்பதே முதல் பதில்தான். அதோடு அந்தக் கடிகாரம் முடிந்துவிட்டது. நின்று நின்று ஓட வேண்டியது முழுப் பதிலுக்கான கடிகாரம்.

இன்னொன்று, பெண்டிங்கில் இருக்கும் டிக்கெட்டுக்குக் கெடு தேதி காட்டாதீர்கள், ப்ளீஸ். அவர் எப்போது பதில் அனுப்புவார் என்று தெரியாதபோது தேதி எங்கிருந்து வரும்? 'மிச்சம் 4 மணி 30 நிமிடம்' என்று காட்டுங்கள், போதும். பதில் வந்ததும் அந்த மிச்சத்தை வைத்துத் தேதியைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய கெடுவை எடுத்து ஒட்டுப் போடுவதில்தான் 35 மணி நேரத் தவறெல்லாம் நுழைகிறது.

வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் '24 மணி நேரத்தில் பதில்' என்று மொட்டையாக எழுதுவதையும் நிறுத்துங்கள். நீங்கள் நினைப்பது 24 வேலை மணி நேரம். வெள்ளி மாலை 5 மணிக்கு எழுதியவர் சனி மாலை 5-க்குப் பதிலை எதிர்பார்ப்பார். ஒரு நாளுக்கு 9 மணி நேரம் என்ற கணக்கில், இடையில் விடுமுறையே இல்லாவிட்டாலும், உங்கள் கெடு புதன் மதியம் 2 மணி. அந்தத் தேதியையும் நேரத்தையும் அப்படியே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

விடுமுறைப் பட்டியலை வருடக் கடைசியிலேயே ஏற்றுங்கள். அது விட்டுப்போனால் எந்தத் தவறும் காட்டாமல் எல்லாம் ஓடும், புத்தாண்டு அன்றும் கடிகாரம் சேர்ந்து ஓடும், முதல் வாரமே சிவப்பு மழை. பட்டியலில் இல்லாத திடீர் விடுமுறை அறிவித்தால் அன்றே சேர்த்துவிட்டு, திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் கெடு நகர்ந்ததா என்று ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள்.

புதிதாக அமைப்பவர்கள் மேலே சொன்ன டிக்கெட்டை, அந்தத் திங்கள் விடுமுறையோடு, அப்படியே உங்கள் சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள்: வியாழன் 4.30, வெள்ளி 11, சனி இரவு 10. செவ்வாய் 1.30 வரவில்லை என்றால் யாரிடமும் விளக்கக் கடிதம் கேட்காதீர்கள்.