கீற்றோகோனசோல் ஷாம்பு: பெயரில் இருப்பதும் முடிக்குக் கிடைப்பதும்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இதைப் பொடுகு ஷாம்பு என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள், போத்தலில் கீற்றோகோனசோல் என்று இருக்கும். ‘கோனசோல்’ என்று முடிகிற பெயர் பங்கசு மருந்துக் குடும்பத்தின் அடையாளம், புளுக்கோனசோலும் அந்தக் குடும்பம்தான். அதற்குள் ஒளிந்திருக்கும் ‘அசோல்’, நைதரசனுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த ‘அசோட்’ என்ற பெயரிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் ‘கீற்றோ’, பள்ளிக்கூட இரசாயனத்தில் படித்த கீற்றோனின் துண்டு. தமிழில் பங்கசு எதிர்ப்புத் தலைகழுவி என்று சொல்லலாம், இந்தியத் தமிழர் பூஞ்சை எதிர்ப்பு என்பார்கள். எப்படிச் சொன்னாலும் ‘முடி வளர்ப்பான்’ என்ற பொருள் இதில் எங்கும் இல்லை, அதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

அப்போ மயிர் ஐதாகிறவர்களுக்கு இதை ஏன் சொல்கிறார்கள்? மலசீசியா என்ற பங்கசு எல்லோர் தலையிலும் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது, அது பெருகினால் தோல் அழன்று பொடுகும் கடியும் வரும், மயிர்வேருக்கும் அது நல்லதல்ல. ஷாம்பு அந்த அழற்சியை அடக்குகிறது. ஆண் ஓமோனின் வேலையையும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுக்கலாம் என்பது இன்னும் ஊகம்தான். 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 2 வீத ஷாம்பு பாவித்த ஆண்களுக்கு முடியின் அடர்த்தியும் தடிப்பும் கூடின, முடி வளரத் தலையில் பூசும் மினொக்சிடில் மருந்தைப் பாவித்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக. நல்ல செய்திதான், ஆனால் மிகச் சிறிய ஆய்வு அது. அதை நம்பி மினொக்சிடிலை விட்டுவிடக் கூடாது, இது பக்கத்துணை மட்டும்.

பரந்தனில் என் மச்சான் ஒருவருக்கு உச்சி ஐதாகி, பொடுகும் இருந்தது. இரவில் மினொக்சிடில், புதனும் சனியும் இந்த ஷாம்பு என்று வைத்துக்கொண்டார். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைக்கிறவர் என்பதால் முதலில் சாதாரண ஷாம்பால் எண்ணெயைப் போக்கி, பிறகு இதை மயிரில் அல்ல, விரல் நுனியால் தோலில் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவச் சொன்னேன். உடனே கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை. குழாய்க் கிணற்றுத் தண்ணியில் நுரை குறைவாக வந்தாலும் அதற்காக இன்னும் ஊற்றத் தேவையில்லை. தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மினொக்சிடில்.

கிழமைக்கு இரண்டு தரம் போதும். தினமும் போட்டால் முடி வைக்கோல் மாதிரி வரண்டு, தோல் எரியும், அப்படி வந்தால் கிழமைக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். கடி சில கிழமையில் அடங்கும், முடியைப் பற்றித் தீர்மானிக்க ஆறு மாதமாவது வேண்டும், ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் எடுத்த படங்களை வைத்துப் பார்க்க வேண்டும். டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு கதை, அது பெரும்பாலும் தானாகத் திரும்பும். வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தோலில் சீழ் வந்தாலோ இந்த ஷாம்பை நம்பி நாட்களைக் கடத்தாமல் தோல் வைத்தியரிடம் போக வேண்டும்.