திலாப்பியாவின் வாய்க்குள் வளரும் குஞ்சுகள்

சிங்கப்பூரின் கால்வாய்களிலும் நீர்த்தேக்கங்களிலும் மிகுதியாகக் காணப்படும் மொசாம்பிக் திலாப்பியா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட் இன மீன். ஆழம் குறைந்த இடத்தில் மணலில் வட்டமான குழிகள் தெரிந்தால், அவை ஆண் மீன்கள் தோண்டியவையாக இருக்கலாம். பெண் மீன் அக்குழியில் முட்டையிட்டு, ஆணின் விந்து கலந்ததும் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு விலகிச் செல்லும். ஆணின் பங்கு அத்துடன் முடிந்துவிடுகிறது.

முட்டைகளை ஒளித்துவைப்பது மட்டுமே தாயின் வேலை என்று எண்ணினால் பாதியைத்தான் புரிந்துகொண்டவர்களாவோம். அசையாமல் குவிந்து கிடக்கும் முட்டைகளைச் சுற்றியுள்ள நீரில் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். இறந்த முட்டையில் பற்றும் பூஞ்சை அடுத்தடுத்த முட்டைகளுக்கும் பரவும். எனவே தாய் இடைவிடாமல் மெல்லுவதுபோல் தாடையை அசைத்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. வாய்வழி நுழையும் நீர் முட்டைகளைத் தழுவி, செவுள் வழியாக வெளியேறுகிறது. இந்த அசைவு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மீன் குஞ்சுப் பண்ணைகளில் காணலாம். தாயின் வாயிலிருந்து எடுத்த முட்டைகளை அங்கே அடி குறுகிய சாடிகளில் இட்டு, கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சி, அவை ஓயாமல் மெல்லப் புரளும்படி செய்கிறார்கள்.

வெதுவெதுப்பான நீரில் மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டைகள் பொரிந்தாலும், மஞ்சள் கருப் பையைச் சுமந்த குஞ்சுகளால் உடனே நீந்த இயலாது. அவை மேலும் ஒரு வாரத்துக்கும் கூடுதலாக வாயிலேயே வளர்கின்றன. வெளியே விடப்பட்ட பின்னரும், ஆபத்து நெருங்கினால் சில நாட்கள்வரை தாயின் வாய்க்குள் திரும்புகின்றன. இக்காலமெல்லாம் தாய் ஏறக்குறைய பட்டினியாகவே கிடக்கிறது.

தொட்டியில் வளர்ப்போர் இதனை எளிதில் அறியலாம்: கீழ்த்தாடையின் அடிப்பகுதி புடைத்திருக்கும், தீனி போட்டாலும் மீன் எட்டிப் பார்க்காது. அப்போது வலை போட்டுத் துரத்தவோ வேறு தொட்டிக்கு மாற்றவோ கூடாது. அச்சமுற்ற தாய் முட்டைகளைத் துப்பிவிடலாம், அல்லது விழுங்கிவிடலாம். முதன்முறை முட்டையிடும் இளந்தாய்களிடம் இவ்விழப்பு மிகுதி.

சிங்கப்பூர்ப் பண்ணைகளில் வளர்க்கப்படும் ஆசிய அரோவானாவில் இப்பொறுப்பைத் தந்தை ஏற்கிறது. திலாப்பியாவின் சிறு முட்டைகள் நூற்றுக்கணக்கில் வாயில் அடங்கும். அரோவானாவின் முட்டையோ ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுடையது என்பதால் சில பத்து முட்டைகளுக்கே இடமுண்டு. அவ்வளவு பெரிய மஞ்சள் கரு தீர நெடுநாள் ஆகும். ஆகவே தந்தை ஏறக்குறைய இரண்டு மாதங்கள் குஞ்சுகளைச் சுமக்கிறது. பண்ணையாளர்கள் அதுவரை காத்திராமல், பெரும்பாலும் மஞ்சள் கருப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தந்தையின் வாயை மெதுவாகத் திறந்து குஞ்சுகளை வெளியே எடுத்துத் தனித் தொட்டியில் வளர்க்கிறார்கள். அதனால் தந்தை முன்னதாகவே இரை உண்ணத் தொடங்குகிறது.