இரட்டிப்பாகும் பணம், இரட்டிப்பாகும் விலை

2023 மே மாதம் அத்தை அஞ்சலகத்தில் ஒரு லட்ச ரூபாய்க்குக் கிசான் விகாஸ் பத்திரம் போட்டார். 115 மாதத்தில் இரண்டு லட்சம் ஆகிவிடும் என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பாஸ்புக்கை என் கையில் கொடுத்து, "அது என்னப்பா 115 மாசம்? பத்து வருஷம்னு முழுசா வெச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அந்தப் பத்திரத்துக்கு வட்டி 7.5 சதவீதம். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருஷம் வரும். அதை மாதமாக்கினால் 115. பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிய, 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 1494-ல் வெனிஸில் அச்சான லூகா பாச்சோலியின் கணித நூலிலேயே இந்த விதி இருக்கிறது.

இது கூட்டு வட்டிக்கான கணக்கு. அத்தையின் பணத்துக்கு முதல் வருஷ வட்டி 7,500 ரூபாய். அடுத்த வருஷம் 1,07,500-க்கு வட்டி கணக்கிடுவார்கள், அது 8,062 ரூபாய். இப்படியே வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போய், ஒன்பதாவது வருஷத்தில் மட்டும் 13,376 ரூபாய் வட்டி வரும். வட்டிக்கு வட்டி இல்லாத தனி வட்டியாக இருந்தால் அதே தொகை இரட்டிப்பாக 13 வருஷமும் 4 மாதமும் ஆகும்.

ஏன் 72? ஒன்று இரண்டாக வளரும் கணக்கில் 2-இன் இயல் மடக்கை வந்து உட்காரும், அதன் மதிப்பு 0.693. ஒவ்வொரு நொடியும் வட்டி சேர்ந்துகொண்டே இருந்தால் வகுக்க வேண்டிய எண் 69.3 ஆக இருக்கும். ஆனால் வட்டி வருஷத்துக்கு ஒரு தடவைதான் அசலில் சேர்கிறது. அந்தத் தாமதத்தால் எண் கொஞ்சம் ஏறுகிறது. 8 சதவீத வட்டிக்குச் சரியான எண் ஏறக்குறைய 72. அது 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுவதால் மனக்கணக்குக்கு வசதி. 8-ஐ விட்டுத் தள்ளிப் போகப் போக விடை பிசகும். 2 சதவீதத்துக்கு விதி 36 வருஷம் என்கும், உண்மையில் 35. 24 சதவீத வட்டிக் கடன் 3 வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று விதி சொல்லும், உண்மையில் 3.2 வருஷம். 8-க்கு மேல் ஒவ்வொரு 3 சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்றைக் கூட்டிக்கொண்டால் இந்தப் பிசகு சரியாகிவிடும்.

வட்டிக்குப் போடும் இந்தக் கணக்கை விலைவாசிக்கு யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. விலையும் கூட்டு வட்டி மாதிரிதான் ஏறுகிறது. போன வருஷம் ஏறிய விலையின் மேல்தான் இந்த வருஷ ஏற்றம் உட்காருகிறது. அதனால் 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால் விலை இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும். கையில் உள்ள பணத்தின் மதிப்பு பாதியாகும் காலமும் அதேதான்.

நடந்த ஒன்றையே எடுத்துப் பார்க்கலாம். நிலமோ வீடோ விற்று வரி கட்டியவர்களுக்கு, வருமான வரிக் கணக்கில் வரும் செலவுப் பணவீக்கக் குறியீடு தெரிந்திருக்கும். 2001-02-ல் அது 100, 2012-13-ல் 200. சரியாக 11 வருஷம். 72-ஐ 11-ஆல் வகுத்தால் வருஷத்துக்குச் சுமார் 6.5 சதவீத ஏற்றம். சில்லறை விலை ஏற்றத்தில் முக்கால் பங்கைத்தான் இந்தக் குறியீட்டில் சேர்க்கிறார்கள் என்பதால், கடைத்தெருவில் நிஜமாக ஏறியது இன்னும் அதிகம்.

அந்தக் காலத்தில் வங்கிச் சேமிப்புக் கணக்குக்கு என்ன வட்டி? 2003 மார்ச் முதல் 2011 மே வரை ரிசர்வ் வங்கி அதை 3.5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. விதிப்படி அந்த வட்டியில் பணம் இரட்டிப்பாக 20 வருஷத்துக்கு மேல் வேண்டும், விலைக்கோ 11 வருஷம் போதும். 2003-04-ல் ஒருவர் 10,000 ரூபாயைக் கணக்கில் போட்டு, ஏழு வருஷம் தொடாமல் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2010-11-ல் கணக்கில் 12,723 ரூபாய் இருக்கும். அதற்குள் குறியீடு 109-லிருந்து 167-க்கு ஏறிவிட்டது. அதாவது முன்பு 10,000-க்கு வாங்கிய சாமானுக்கு இப்போது 15,321 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆறு மூட்டை அரிசி வாங்கக்கூடிய பணம், ஏழு வருஷம் கழித்து ஐந்து மூட்டைக்குத்தான் வரும். பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை; ஒவ்வொரு பதிவிலும் தொகை கூடிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் யாருக்கும் பறிபோனதே தெரியவில்லை.

வட்டி அதிகமாக இருந்தால் மட்டும் தப்பித்துவிட முடியும் என்றும் இல்லை. 1988 ஏப்ரலில் கிசான் விகாஸ் பத்திரம் அறிமுகமானபோது பணம் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பானது. "அந்தக் காலத்துல அஞ்சரை வருஷத்துல டபுள்" என்று பெரியவர்கள் இன்றைக்கும் ஏக்கத்தோடு சொல்வார்கள். ஆனால் 1991-ல் இந்தியாவின் பணவீக்கம் கிட்டத்தட்ட 14 சதவீதம். அந்த வேகத்திலேயே போனால் விலைகள் இரட்டிப்பாக ஐந்து வருஷத்துக்குச் சற்று அதிகமானால் போதும். அந்த ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால், பத்திரத்தைவிட விலைதான் வேகமாக ஓடியிருக்கிறது. நல்ல வேளையாக அந்த வேகம் நீடிக்கவில்லை. பணவீக்கம் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால், ஒரு வருஷ எண்ணை 72-க்குக் கீழே போடுவதைவிடப் பல வருஷச் சராசரியைப் போடுவதே சரி.

இனி அத்தையின் பத்திரம். பணவீக்கம் சராசரியாக 5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். 7.5-லிருந்து 5-ஐக் கழித்தால் மிஞ்சுவது 2.5, அதுதான் உண்மையான வளர்ச்சி. 72-ஐ 2.5-ஆல் வகுத்தால் சுமார் 29 வருஷம். பணத்தின் வாங்கும் சக்தி நிஜமாகவே இரட்டிப்பாக அவ்வளவு காலம் ஆகும். 2032 டிசம்பரில் கைக்கு வரும் இரண்டு லட்சத்தை, பத்திரம் போட்ட 2023-இன் விலையில் சொன்னால் சுமார் 1,25,000 ரூபாய். வட்டிக்கு வரி உண்டு. அத்தைக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை. 30 சதவீதம் வரி கட்டுபவர் இதையே போட்டிருந்தால் அவர் கையில் 1,70,000 நிற்கும், 2023-இன் விலையில் 1,06,500 ரூபாய். ஒன்பதரை வருஷக் காத்திருப்புக்கு லாபம் 6,500.

இதைச் சொன்னதும் அத்தை, "நான் இதைப் பேத்தி காலேஜ் ஃபீஸுக்குத்தானே போட்டேன்" என்றார். இன்றைக்கு ஒரு லட்சம் கேட்கும் கல்லூரி, அப்போது இரண்டு லட்சம் கேட்டாலும் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. கட்டணம் வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9 வருஷம். பத்திரம் முதிர ஏழு மாதம் இருக்கும்போதே கட்டணம் இரட்டிப்பாகிவிடும்; முதிரும் நாளில் அது 2,09,000-ஐத் தொட்டிருக்கும். குறைவது 9,000 ரூபாய். மாதம் நூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், வட்டியே இல்லாவிட்டாலும் அந்த 115 மாதத்தில் 11,500 சேரும். அத்தை மறுநாளே அஞ்சலகத்துக்குப் போய் நூறு ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்கிவிட்டு வந்தார்.