இருபண்புக் கலப்பு: ‘இரு’ எதை எண்ணுகிறது?

ஏற்காட்டில் படிக்கும் அக்கா மகள் நேற்று ராத்திரி நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். தலைப்பு ‘இரட்டைக் கலப்பு’, கீழே RrYy × RrYy. “கட்டம் போட்டுட்டேன் மாமா, 9:3:3:1 வரவே மாட்டேங்குது.”

கோளாறு தலைப்பிலேயே தொடங்குகிறது. ‘டைஹைப்ரிட் கிராஸ்’ என்பதில் ‘டை’ கிரேக்க மொழியில் இரண்டு. ‘ஹைப்ரிட்’ லத்தீன் வழி வந்த சொல்; வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். இங்கே இரண்டு என்பது பண்புகளின் எண்ணிக்கை: பட்டாணி விதையின் வடிவம், விதையின் நிறம். கலப்பு ஒன்றுதான். அதனால் ‘இருபண்புக் கலப்பு’ என்பதே சரி. இரட்டைக் கலப்பு வேறு சங்கதி; மக்காச்சோளத்தில் நான்கு தூய வம்சங்களை இரண்டிரண்டாகக் கலந்து, வந்தவற்றை மறுபடி கலப்பது.

அவள் கட்டத்தின் ஓரத்தில் R, r, Y, y என்று ஒற்றை எழுத்தாக எழுதியிருந்தாள். உள்ளே RR, rY என்று இரண்டு எழுத்துகள்தான் விழுந்தன. விதைக்கு நான்கு எழுத்து வேண்டும்; இரண்டே இருந்தால் பாலணுவை, அதாவது பெற்றோர் ஒவ்வொன்றும் தரும் இனச்செல்லை, எழுதியதில் தப்பு என்று அர்த்தம். ஒவ்வொரு பாலணுவும் இரு ஜோடியிலிருந்தும் தலா ஒன்றைச் சுமக்க வேண்டும். இதற்கு மேல் அவளுடைய Y-யும் y-யும் ஒரே மாதிரி இருந்தன. “சின்ன y வாலைக் கோட்டுக்குக் கீழே இழு கண்ணு” என்று சொல்லி, இதை அனுப்பினேன்:

```
      RY    Ry    rY    ry
RY   RRYY  RRYy  RrYY  RrYy
Ry   RRYy  RRyy  RrYy  Rryy
rY   RrYY  RrYy  rrYY  rrYy
ry   RrYy  Rryy  rrYy  rryy
```

R ஒன்று இருந்தாலே உருண்டை, Y ஒன்று இருந்தாலே மஞ்சள். எண்ணினால் உருண்டை மஞ்சள் 9, உருண்டை பச்சை 3, சுருங்கிய மஞ்சள் 3, சுருங்கிய பச்சை 1. இதுதான் புறத்தோற்ற விகிதம்.

அடுத்த சொல் ‘சார்பின்றி ஒதுங்குதல்’. ‘ஒதுங்குதல்’ என்றதும் மழைக்கு ஒதுங்குவதுதான் நினைவுக்கு வரும். பொருளைத் தாங்குவது ‘சார்பின்றி’ என்ற பாதிதான். மெண்டல் 1866-இல் அச்சிட்ட கட்டுரையில் 556 விதைகளின் கணக்கு இருக்கிறது: முறையே 315, 108, 101, 32. மஞ்சளை மட்டும் பிரித்துப் பாருங்கள்: உருண்டை 315, சுருங்கியது 101. பச்சையில் 108, 32. இரண்டிலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அதாவது விதை என்ன நிறம் என்று தெரிந்துகொண்டதால் அதன் வடிவத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அதுதான் சார்பின்மை. 3:1-ஐ 3:1-ஆல் பெருக்கினால் 9:3:3:1 வருவதும் இதனால்தான்.

இந்த இரு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் இப்படி நடக்கிறது. ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் சேர்ந்தே பயணிக்கும். கட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த புன்னெட்டே, மரபியலாளர் பேட்சனோடு சேர்ந்து மணப்பட்டாணியில் பூ நிறத்தையும் மகரந்த வடிவத்தையும் பார்த்தபோது 9:3:3:1 கிடைக்கவில்லை.